ஒருமுறை கழறல்

நெடுங்காலம் பழகிய நண்பரொருவர், நிலையான ஊதியமுடைய உத்தியோகத்தைத் தாமே விடத் துணிந்து, அத்துணிவை நம்பால் வந்து கூறுகின்றார். நமக்கோ அது பொருத்தமாகத் தோன்றவில்லை. அவ்விடத்து நாம் செய்யக்கடவது யாது? வாய்மூடி இருத்தலா, அவர் மனம் மாறுமளவும் பன்முறை வற்புறுத்தலா, ஒருமுறை உள்ளதை உரைத்து அமைதலா? இஃது உலகியல் பற்றிய சிறு வினா என ஒதுக்கற்பாலதன்று. உயிரின் அறிவு எத்தகையது, ஒருயிர்க்கு மற்றோருயிர் செய்யும் உதவி எவ்வளவிற்று என்னும் சித்தாந்த வினாக்கள் இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அடியேன் மூன்றாவதே தக்கது எனக் கொண்டவன். ஆயினும் அதனைச் செவ்விதிற் செய்தேனல்லேன். எங்கே வழுவினேன் என்பதும் இக்கட்டுரையிற் புலப்படும்.

நிகழ்ந்ததை முதற்கண் கூறுவேன். என்னுடன் ஒரே ஆசிரியர்பால் இலக்கணம் பாடங்கேட்ட நண்பர் ஒருவர், உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியொன்றிலே 1993-ஆம் ஆண்டு முதல் தமிழாசிரியராக இருந்தார். 2019-ஆம் ஆண்டு ஆனித் திங்களில் ஒருநாள் மாலை, நாங்கள் வழக்கமாகச் சிவஞான மாபாடியம் வாசிக்கும் நேரத்தில், ஏட்டைத் திறவாமலே, “வேலையை விட்டுவிடத் தீர்மானித்துவிட்டேன். ஊரிலே ஆறு மா நிலமும் பழைய வீடும் இருக்கின்றன. கோயிலுக்கு அடுத்த வீடு. பிள்ளைகளுக்குத் திருமுறையும், கேட்க வருவார்க்குச் சாத்திரமும் சொல்லிக்கொண்டு எஞ்சிய நாளைக் கழிக்கப் போகிறேன்” என்றார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்தொன்று. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்காலத்து ஓய்வுபெறும் வயது ஐம்பத்தெட்டாக இருந்தமையின், இன்னும் ஏழாண்டு பணி எஞ்சியிருந்தது.

நான் உடனே விடையிறுத்திலேன். “நாளை வாரும், பேசுவோம்” என்றேன். அவ்விரவு எனக்குப் பெரிதும் பயன்பட்டது. என் மறுப்புக்குக் காரணம் யாதென ஒவ்வொன்றாக எடுத்து நோக்கியபொழுது, அவற்றுள் ஏறத்தாழப் பாதி அவர்பொருட்டன்று, என்பொருட்டே என்பது தெரிந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டால் மாலைதோறும் மாபாடியம் வாசிக்க எனக்குத் துணையில்லை. பதினெட்டாண்டு வழக்கம் அற்றுப்போகும். இத்துன்பத்தை அவர் நலத்தின் பெயரால் மறைத்து மொழிவேனாயின், அச்சொல் மெய்யுரை ஆகாது. ஆதலின் மறுநாள் அவர் வந்ததும் இதனையே முதலிற் கூறினேன். “நான் சொல்லப்போவதில் என் தன்னலமும் கலந்திருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு கேளும்” என்றேன். அவர் நகைத்தார். ஆனால் அதன்பின் அவர் கேட்ட முறையே வேறாயிற்று.

பின்னர் இரண்டு கூறினேன். முதலாவது, அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பற்றியது. அதிலே ‘இராஜிநாமா’ என்று எழுதியிருந்தார். அரசின் ஓய்வூதிய விதிப்படி, உத்தியோகத்தை இராஜிநாமாச் செய்பவர்க்கு அதுகாறும் செய்த சேவை முழுவதும் கணக்கினின்று நீங்கிவிடும். குறித்த வயதோ சேவைக்காலமோ நிரம்பியவர், மூன்று திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறுவாராயின், செய்த சேவைக்கு ஏற்ற ஓய்வூதியம் கிடைக்கும். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன்னரே பணியிற் சேர்ந்தவராதலின் அவர் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு உரியவர். இருபத்தாறாண்டுச் சேவை ஒரு சொல்லின் வேறுபாட்டால் நிற்றலும் போதலும் உண்டு. இலக்கணம் வல்லவராகிய அவர் இவ்விரண்டு சொற்களையும் ஒருபொருட்கிளவிகளாகக் கொண்டுவிட்டார்! இரண்டாவது என் கருத்து. முழு ஓய்வூதியத்துக்கு முப்பதாண்டுச் சேவை வேண்டும். இன்னும் நான்காண்டு பொறுத்தால் அது நிரம்பும், மகளின் படிப்பும் முடியும், அதற்குள் விடுமுறை நாட்களில் ஊரிலே வகுப்பைத் தொடங்கி நடைபெறுமா என்று பார்க்கலாம், இப்பொழுதே விடுதல் தகாது என்பது அது.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு மூன்று ஐயங்கள் வினவினார். நான்கு நாள் கழித்து வந்து, “கடிதத்தை மாற்றி எழுதிவிட்டேன், அதற்கு உமக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். நான்காண்டு பொறுக்க மாட்டேன். இப்பொழுதே குரல் தேய்கிறது, ஐம்பத்தைந்தில் பண் சொல்லிக்கொடுக்க இக்குரல் இராது” என்றார்.

என் உரையுள் இரண்டு வகை கலந்திருந்தன என்பதை அப்பொழுதுதான் தெளிவாக உணர்ந்தேன். விதி இன்னது என்பது பொருள்பற்றிய செய்தி. அதனை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லியே ஆகவேண்டும், அவனும் கொள்ளாது விடான். நான்காண்டு பொறுத்தல் நன்று என்பது மதிப்பு. அது என் அச்சங்களையும் என் விருப்பங்களையும் அளவுகோலாகக் கொண்டு அளந்தது. அவர்க்கு அவர் குரல் அளவுகோலாயிற்று. செய்தியை ஏற்றார், மதிப்பை விலக்கினார். இரண்டனையும் ஒருசேரக் கட்டி, ‘நான் சொன்னதைக் கேட்டிலர்’ என்று நான் நொந்திருப்பேனாயின் அது முறையன்று.

இனி, ஒருமுறைக்கு மேற் சொல்லலாகாது என்பது எதனாற் பெறப்படும் என்று வினவுவார்க்குச் சொல்லுவேன். சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரத்தே, கண்ணுக்கு உயிர் காட்டியும் உடன் நின்று கண்டும் உதவுதல் போல, உயிர்க்கு இறைவன் காட்டியும் கண்டும் உதவுவன் என்பது உணர்த்தப்படுகின்றது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவ்விரண்டும் வழங்கும். இவற்றுள் நண்பன் செய்யவல்லது யாது? காட்டுதலின் நிழல்போன்ற ஒன்றுமாத்திரமே. தன்னறிவுக்கு எட்டிய பொருளை நண்பனுடைய அறிவின்முன் வைத்தல் அவனால் இயலும். நண்பனுடைய அறிவினுள்ளே புகுந்து உடன் நின்று காணுதல் அவனால் இயலாது. அஃது இறைவன் ஒருவனுக்கே உரியது. விளக்கை ஏற்றி வைத்தவன், காண்பானுடைய கண்ணை விரலால் திறக்கப் புகுந்தால் கண் புண்படுமேயன்றிக் காட்சி மிகாது. முழுமையாகவும் தெளிவாகவும் காட்டிய பின்னர் மீட்டும் மீட்டும் சொல்லுதல் காட்டுதலாகாது, காணும் உபகாரத்தைத் தானே செய்யப் புகுதலாம்.

“பலகாற் சொல்லிச் சொல்லி மனம் மாறினாரும் உளரே, கல்லும் தேயுமன்றோ?” எனின், உண்மை, உளர். எனக்கு அச்சந்தருவதும் அதுவே. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் நூற்றுணிபு. நாடோறும் ஒருவன் பக்கத்தில் இருந்து ஒன்றனையே சொல்லிக்கொண்டிருந்தால், சோர்வினாலேனும் தாட்சணியத்தினாலேனும் மற்றவன் அதன் வண்ணம் ஆகிவிடக் கூடும். அவ்வாறு பணியில் தங்கியவர், கருத்து மாறித் தங்கினாரல்லர், களைத்துத் தங்கினார். தங்கிய நான்காண்டும் அவர்க்குச் சுமை. அச்சுமையை ஏற்றியவன் நண்பன். வற்புறுத்தல் பயன்படாது என்பதனால் நான் அதனை விலக்கவில்லை; பயன்பட்டுவிடுமே என்பதனால் விலக்குகின்றேன்.

மறுதலையாகவும் ஒரு தடை உண்டு. யாவும் ஊழின்வழிப் படுவனவாயின் ஒருமுறைதான் சொல்லுவானேன்? நுகர்வினை தானே தன்னை ஊட்டிக்கொள்ளும் அன்றோ என்பர். மடத்துத் திண்ணைகளிலே இவ்வாதத்தை நான் பலகாற் கேட்டதுண்டு. பெரும்பாலும், சொல்ல அஞ்சிய ஒன்றைச் சொல்லாது விட்டவரே இதனை எடுப்பர். நுகர்வினை ஊட்டப்படும்பொழுது ஒருவன் மனம் வாக்குக் காயங்களாற் செய்வன எதிர்வினையாய் ஏறுதலும் நம் கொள்கையே. நண்பன் கடிதத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதியிருக்க, அறிந்தும் நான் வாளாவிருந்தால், அவ்வாய்வாளாமை என் வினை, அவர் ஊழன்று. மேலும், ஊழ் வந்து ஊட்டுங்கால் ஏதேனும் ஒரு வாயிலாக வருதல் வேண்டும்; நல்லூழ்க்கு நண்பன் வாய் ஒரு வாயிலாதல் கூடாது என்று யார் துணிந்தார்? திருவள்ளுவரும் நட்பென்னும் அதிகாரத்தே, நட்பின் பயன் உடனிருந்து நகுதலன்று, வரம்பிகந்தவழி முற்பட்டுச் சென்று கடிதலே என்றார். இதற்குப் பரிமேலழகர் வழங்கிய ‘கழறல்’ என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டேன்.

அவரே அமைச்சு என்னும் அதிகாரத்தில், அரசன் தானும் அறியாது அறிந்தார் சொல்லையும் தள்ளுவானாயினும் உறுதி கூறுதல் உடனிருப்பான் கடன் என்கின்றாரே, அஃது ஒருமுறைக்கு அடங்குமோ எனின், அடங்காது. அமைச்சன் பன்முறையும் சொல்லவேண்டும். என்னை? அரசன் துணிவின் பயன் அரசனோடு நில்லாது குடிகள்மேற் சென்று படும். குடிகளோ அவ்விடத்து இலர். அவர்க்காகப் பேசும் வாய் அமைச்சனுடையது. நண்பன் தன் வாழ்வைப் பற்றிச் செய்யும் துணிவு அத்தகைத்தன்று.

அத்தகைத்தன்று என்று எழுதிவிட்டேன். ஆயினும் முற்றிலும் அவ்வாறன்று. நண்பர்க்கு மனைவியும் மகளும் உளரல்லரோ? முன்னறிவிப்பு நாட்களில் அவர் மனைவியார் என் இல்லத்துக்கு வந்தார். “அண்ணா, தாங்கள் இன்னொருமுறை சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்” என்றார். இவ்விடத்துத்தான் என் கொள்கை மிகவும் ஆட்டங்கண்டது. நெடுநேரம் எண்ணி, “அம்மா, தங்களுக்குள்ள உரிமை எனக்கில்லை. இது தங்கள் வாழ்வும் ஆதலால் தாங்கள் நூறுமுறை சொல்லலாம். நான் சொன்னது அவர் செவியில் இருக்கிறது. அவர் அறியாத செய்தி ஏதேனும் உண்டா, அதைச் சொல்லுங்கள்” என்றேன். அம்மையார் சிறிது தயங்கி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் நகைகளை அடகு வைத்திருப்பதாகவும், அது கணவர்க்குத் தெரியாதென்றும் கூறினார். அதனை நான் போய்ச் சொல்லவில்லை. அவரே அன்றிரவே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், சொல்லினார். நண்பர் வகுப்புக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து நகைகளை மீட்டார், துணிவை மாற்றிலர். புதிய செய்தி தோன்றியவழி மீட்டும் பேசுதல் ‘இரண்டாம் முறை’ ஆகாது என்பது என் கருத்து. ஆயின் பழைய கருத்துக்குப் புதிய ஆடை உடுத்தி அதனைச் செய்தி என்று கொண்டுவருதல் உண்டே, அஃது எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கது: சொல்லி முடித்தபின் சொன்னவன் கேட்பவன் முகத்தை நோக்கி, ‘இப்பொழுதாவது’ என்று காத்திருப்பான்.

இன்னும் ஒன்று. வேலையைத் துறந்து சிவப்பணி மேற்கொள்வாரைத் தடுத்துப் பேசுவதே பிழை என்பார் நம்மவருள் உளர். பரி கொள்ளச் சென்ற வாதவூரடிகளுக்கு அரசன் கருமத்தை நினைவூட்டிய பரிசனங்களின் நிலை நமக்கும் வருமே என்பர். 1848-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வெசிலியன் மிஷன் பாடசாலையின் ஆசிரியப் பணியை விட்ட நாவலர் பெருமானை எடுத்துக்காட்டுவாரும் உண்டு. பணியை விட்ட மறுவாண்டே திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கிற்று. அவர் செய்த பதிப்புக்களும் பாடசாலையும் நாம் அறிந்தவை. இவ்வெடுத்துக்காட்டுக்களை வணங்குகின்றேன், இவற்றால் அம்முடிவு பெறப்படாது என்றும் சொல்லுகின்றேன். துறந்து உயர்ந்தாருடைய சரித்திரங்களை எழுதி வைத்திருக்கின்றோம். துறந்து நொந்து, கடன்பட்டு, மீட்டும் வேலை தேடி அலைந்தாருடைய சரித்திரத்தை எழுதுவார் இலர். எழுதப்பட்டவற்றை மாத்திரம் கொண்டு எண்ணிக் கணக்கிடுதல் பிழைபடும். பரிசனங்கள் நினைவூட்டியதும் குற்றமன்று. அவர் அறிந்த அளவில் அதுவே அவர் கடன். நினைவூட்டியபின் அடிகளை இழுத்துச் செல்ல முற்பட்டிருந்தால் அதனைக் குற்றம் எனலாம்.

இனி என் வழுவைச் சொல்லவேண்டும். நண்பரிடம் இரண்டாம் முறை சொல்லாமை எனக்கு எளிதாகவே இருந்தது. ‘அமைதல்’ என்பதை அவ்வளவே என்று எண்ணிவிட்டேன். 2020-ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒரு குருபூசைக்குச் சென்றிருந்தபொழுது, எங்களிருவர்க்கும் பொதுவான அன்பரொருவர் அவரைப் பற்றி வினவினார். “போயிருக்கிறார், ஓராண்டு ஆகட்டும், பார்ப்போம்” என்று சொல்லி, சிறிது நகைத்தேன். அவ்வளவே சொன்னேன். அச்சொல் இரண்டு நாளில் அவ்வூரைச் சென்றடைந்தது. அதன்பின் திங்கள் ஏழு அவரிடமிருந்து கடிதமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. முகத்துக்கு நேரே பத்துமுறை கழறியிருந்தாலும் அவர் இவ்வளவு நொந்திரார். நாவை அடக்கிவிட்டு நகையை அடக்காதவன் அமைந்தவனாகான். அவர் முன்னிலையில் விடும் பெருமூச்சு, ‘எல்லாம் சௌகரியந்தானா?’ என்று இழுத்துக் கேட்கும் கேள்வி, பிறரிடம் சொல்லும் ‘பார்ப்போம்’ இவை யாவும் கழறலின் வேற்றுருவங்களே. வெளிப்படையாகக் கழறுதற்குள்ள நேர்மையும் இவற்றிற்கு இல்லை.

ஆவணித் திங்களில் அவரே பேசினார். கொரோனா நோயின் ஊரடங்கினால் பங்குனி முதலே கோயிற் கதவும் வகுப்பும் அடைபட்டிருந்தன. நிலத்தின் குத்தகை வரவில்லை. ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தமையால் அடுப்பு எரிந்தது. மகளின் இறுதியாண்டுக் கட்டணத்துக்கு நாற்பதினாயிரம் ரூபாய் குறைந்தது. அவர் அதனைக் கேட்கும்பொழுதே, ‘நான் அன்றே சொன்னேனே’ என்னும் தொடர் எழுவாய் பயனிலையோடு முழுமையாக என் நாநுனியில் வந்து நின்றது. இதனை எழுத நாணுகின்றேன். அதனோடு ஒரு மகிழ்ச்சியும் வந்தது. நண்பன் இடர்ப்படும்பொழுது தன் சொல் மெய்யாயிற்று என்று உள்ளே ஒன்று மகிழுமாயின், அது நட்பின்பாற்பட்டதன்று. ஆணவம் ‘என் சொல்’ என்னும் வடிவிலே நின்று உணவு உண்கின்றது. தன் கருத்தை உண்மையில் விட்டிருக்கின்றோமா என்று ஒருவன் தன்னைத்தான் சோதித்தற்கு இதனினும் தெளிவான குறி எனக்குத் தெரியாது. தொகையை மறுநாளே அனுப்பினேன். குருபூசையிற் சொன்ன சொல்லுக்காக அவரிடம் மன்னிப்பும் வேண்டினேன். “அது அப்பொழுதே போயிற்று” என்றார். போகவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவ்வூரிலே இப்பொழுது வகுப்பு நடைபெறுகின்றது. பதினொரு பிள்ளைகள் வருகின்றனர். சில திங்களில் நால்வரே வருவர். அவர் குரல் அவர் அஞ்சியபடியே தேய்ந்துவிட்டது. பண்ணை மூத்த மாணாக்கி ஒருத்தி சொல்லிக்கொடுக்கின்றாள். பணியில் இருந்திருந்தால் பின்னர் உயர்த்தப்பட்ட ஓய்வு வயதின்படி 2028 வரையில் முழு ஊதியம் பெற்றிருப்பார். கடன் ஒன்று இன்னும் இருக்கின்றது. என் மதிப்பு சரியா, அவர் துணிவு சரியா என்பதை இவற்றைக் கொண்டு என்னால் தீர்க்கக் கூடவில்லை; அவர் நான்காண்டு பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கண்டவர் ஒருவருமில்லை.

சென்ற மார்கழியில் அவ்வூர் சென்று மூன்று நாள் தங்கினேன். இரண்டாம் நாள் இரவு திண்ணையிலே மாபாடியத்தை விரித்தோம். விளக்கைச் சரிசெய்துகொண்டே அவர், “ஒன்று கேட்கட்டுமா? நீர் அன்று சொன்ன கருத்து இன்னும் உமக்கு அப்படியே இருக்கிறதா?” என்றார். கேட்டபின் மறைத்தலும் பிழையாதலின், “இருக்கிறது” என்றேன். “எனக்கும் என்னுடையது அப்படியே இருக்கிறது” என்று சொல்லி, விட்ட இடத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினார்.